சிங்கப்பூர் சேமிப்பு: ஊருக்கா, அங்கேயேவா?

கேள்வி: வணக்கம் சார். வயது 38. பதினோரு வருஷமா சிங்கப்பூர்ல எஸ் பாஸ்ல கப்பல் பட்டறை வேலை, சம்பளம் 4,400 வெள்ளி. மனைவியும் ரெண்டு பிள்ளைகளும் மன்னார்குடி பக்கத்துல எங்க ஊர்ல இருக்காங்க. பெரியவன் எட்டாவது படிக்கிறான். இதுவரைக்கும் 45,000 வெள்ளி சேர்த்து வச்சிருக்கேன். அப்பா, "6 மா நஞ்சை 30 லட்சத்துக்கு வருது, வாங்கிப் போடு" என்கிறார். கூட வேலை செய்றவர், "ரூபாய் விழுந்துக்கிட்டே இருக்கு, ஊருக்கு அனுப்பாதே, இங்கேயே போடு" என்கிறார். ஊர்ல மனைவி பேர்ல எஃப்டி போடலாமான்னும் யோசனை. இன்னும் ஏழெட்டு வருஷத்துல ஊருக்கே வந்துடணும்னு இருக்கேன். எது சரி?

பதில்:

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 12,000 வெள்ளி சிங்கப்பூரிலேயே இருக்கட்டும். மீதி 33,000 வெள்ளி உங்கள் பெயரில், வெளிநாட்டில் சம்பாதிக்கும் இந்தியருக்கான என்ஆர்இ வைப்பாக ஊருக்கு வரட்டும். நஞ்சையை நீங்கள் வாங்க முடியாது, சட்டம் இடம் தராது. மனைவி பெயரில் எஃப்டி வேண்டாம்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2014 கடைசியில் ஒரு வெள்ளி சுமார் 48 ரூபாய், 2024 கடைசியில் சுமார் 63 ரூபாய். கூட்டுவட்டிக் கணக்கில் பார்த்தால் வெள்ளி ஆண்டுக்கு 2.8 சதவீதம் அளவுக்கு ஏறியிருக்கிறது. ஆனால் அந்த ஏற்றம் வருஷா வருஷம் ஒரே சீராக வருவதில்லை. சில ஆண்டுகள் அசையாமல் கிடக்கும், பிறகு ஒரே ஆண்டில் தாவும். 2025-இல் 68-ஐயும் தாண்டியது அப்படி ஒரு தாவல்தான். தாவலைப் பார்த்தவர்களுக்கு ரூபாய் எப்போதுமே இப்படித்தான் சரியும் என்று தோன்றுகிறது.

நண்பர் விட்டுவிட்ட மறுபாதி வட்டி. கணக்குக்காக ஒரு வெள்ளி 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டு 10,000 வெள்ளியை மட்டும் எடுத்துப் பார்ப்போம். அதை ஊருக்கு அனுப்பினால் 7 லட்சம். என்ஆர்இ வைப்பில் 6.5 சதவீதம், மூன்று மாதத்துக்கொரு முறை வட்டி சேர்ந்தால், ஐந்து ஆண்டில் சுமார் 9.66 லட்சம். இந்தியாவில் அதற்கு வருமான வரி கிடையாது. அதே 10,000 வெள்ளியைச் சிங்கப்பூரில் 2 சதவீதத்துக்குப் போட்டால் ஐந்து ஆண்டில் 11,000 வெள்ளிக்குச் சற்று மேல். அங்கேயும் தனிநபருக்கு வங்கி வட்டிக்கு வரி இல்லை. இப்போது 9.66 லட்சத்தை 11,000-ஆல் வகுத்தால் 88 ரூபாய் வருகிறது. அதாவது ஐந்து ஆண்டில் ஒரு வெள்ளி 88 ரூபாயைத் தாண்டினால்தான் சிங்கப்பூரில் வைத்தது லாபம். அதற்கு ரூபாய் ஆண்டுக்கு 4.7 சதவீத வேகத்தில் சரிய வேண்டும். பழைய சராசரி வேகத்திலேயே போனால் வெள்ளி 80 ரூபாயை ஒட்டி நிற்கும். அப்போது உங்கள் 9.66 லட்சத்தின் மதிப்பு 12,000 வெள்ளி.

வட்டி விகிதம் மாறினால் இந்த எல்லையும் மாறும். பணம் அனுப்பும் அன்று வங்கியின் என்ஆர்இ விகிதத்தையும் சிங்கப்பூர் விகிதத்தையும் வைத்து இதே வகுத்தலை ஒரு முறை செய்து பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி 3 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் ஊருக்கு அனுப்புவதில் லாபம் அநேகமாக இல்லை. இன்றைக்கு இடைவெளி அதைவிட அதிகம்.

உங்கள் விஷயத்தில் இதைவிடப் பெரிய காரணம் வேறு. இந்தப் பணம் செலவாகப் போகிற இடம் மன்னார்குடி. பெரியவனின் கல்லூரிக் கட்டணம், வீடு, நீங்கள் திரும்பிய பிறகு குடும்பம் நடத்துவது எல்லாமே ரூபாயில். ரூபாயில் செலவு செய்யப்போகிறவருக்கு நாணய மதிப்பைவிட, ஊரில் விலைவாசி ஏறும் வேகத்துக்கு வட்டி ஈடு கொடுக்கிறதா என்பதுதான் கேள்வி. 2 சதவீதத்தில் தூங்கும் வெள்ளி ஈடு கொடுக்க வேண்டுமானால் ரூபாய் சரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

பிறகு ஏன் 12,000 வெள்ளி அங்கே? எஸ் பாஸ் என்ற வேலை அனுமதி உங்கள் முதலாளியோடு கட்டுண்டது. வேலை போனால் பாஸ் ரத்தாகும், அதன்பின் தங்குவதற்குக் கிடைப்பது பொதுவாக ஒரு மாதம். இன்னொன்றைப் பலர் கடைசி மாதத்தில்தான் அறிகிறார்கள். வெளிநாட்டு ஊழியர் வேலையை விடும்போது முதலாளி வரித் துறைக்கு ஐஆர்21 படிவம் கொடுத்து, வரித் தீர்வு முடியும்வரை, கையிலிருக்கும் சம்பள பாக்கி முழுவதையும் நிறுத்தி வைக்க வேண்டும். படிவம் போய்ச் சேர்ந்து 30 நாள்வரை அது இழுக்கலாம். உங்கள் சம்பளத்துக்கு ஓராண்டு வரி 1,400 வெள்ளிக்குள்தான் வரும், அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். ஆனாலும் அந்த ஒரு மாதம் அறை வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்பும் பணம், அடுத்த வேலை தேடும் செலவு எல்லாம் சேமிப்பிலிருந்தே போக வேண்டும். உங்கள் செலவும் வீட்டுக்கு அனுப்புவதும் சேர்த்து மாதம் 2,400 வெள்ளி என்று வைத்தால் 12,000 ஐந்து மாதத்துக்குக் காணும்.

அதில் 3,000 வெள்ளி சாதாரண சேமிப்புக் கணக்கில் கிடக்கட்டும். 9,000 வெள்ளியைச் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் போடுங்கள். 18 வயதான யாரும் வாங்கலாம், குடியுரிமை தேவையில்லை. குறைந்தது 500 வெள்ளி. டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி மூன்றில் ஒரு வங்கியில் கணக்கும், பத்திரங்களை உங்கள் பெயரில் பதிந்து வைக்கும் சிடிபி கணக்கும் வேண்டும். சிடிபியை முதலில் திறந்து, அதோடு வங்கிக் கணக்கை இணைத்துவிடுங்கள். இணைக்காவிட்டால் வட்டியும் முதலும் வந்து சேர இடம் இருக்காது. விண்ணப்பத்தை வங்கியின் ஏடிஎம்மிலோ செயலியிலோ போடலாம், ஒரு முறைக்கு 2 வெள்ளி கட்டணம். பத்து ஆண்டுப் பத்திரம் என்றாலும் எந்த மாதமும் அபராதமின்றி எடுத்துக்கொள்ளலாம். அந்த மாதக் கெடுவுக்குள் கேட்டால் அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் பணம் வரும், அதற்காகத்தான் அந்த 3,000 தனியாக. எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நின்று விற்கும் 20, 25 வருஷ முதலீட்டுக் காப்பீட்டுத் திட்டத்தில் மட்டும் இந்தப் பணத்தைப் போட்டுவிடாதீர்கள். ஏழெட்டு ஆண்டில் கிளம்புகிறவர் அதைப் பாதியில் நிறுத்தினால் முதலிலேயே கை வைக்கும்.

இனி ஊருக்கு வரும் 33,000. இதில் தவறு நடப்பது பெரும்பாலும் முதல் படியிலேயே. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் முன் ஊரில் திறந்த பழைய சேமிப்புக் கணக்கு இன்னும் அப்படியே இருக்கிறதா? வெளிநாட்டில் வேலை செய்கிறவர் சாதாரணக் கணக்கு வைத்திருக்கக் கூடாது, அதை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அதோடு புதிதாக என்ஆர்இ கணக்கு திறக்க வேண்டும். பாஸ்போர்ட், எஸ் பாஸ், சிங்கப்பூர் முகவரிச் சான்று, பான் அட்டை இருந்தால் சிங்கப்பூரில் கிளை வைத்திருக்கும் இந்திய வங்கிகளிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடலாம்.

இரண்டு கணக்கையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். என்ஆர்இயில் போவது வெளிநாட்டுச் சம்பளம் மட்டும். வட்டிக்கு வரி இல்லை, முதலும் வட்டியும் எப்போது வேண்டுமானாலும் சிங்கப்பூருக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். என்ஆர்ஓவில் போவது ஊரில் கிடைக்கும் வாடகை போன்ற வரவு. அதன் வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் வங்கியே வரியாகப் பிடித்துவிடும். சிங்கப்பூர்ச் சம்பளத்தைத் தெரியாமல் என்ஆர்ஓவில் போட்டு வைத்து, பிடித்த வரிக்காக வருஷா வருஷம் ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். ஒருமுறை என்ஆர்ஓவுக்குள் போன பணத்தை வெளியே எடுக்கப் படிவங்களும் ஆடிட்டர் சான்றும் கேட்பார்கள்.

மனைவி பெயரில் போடக் கூடாது என்பதும் இதனால்தான். அவர் இங்கே குடியிருப்பவர், அவர் வைப்புக்கு வரிவிலக்கு கிடையாது. வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் பிடிக்கும். அதைவிட, கணவன் கொடுத்த பணத்தில் மனைவிக்கு வரும் வட்டி வரிச் சட்டப்படி கணவனின் வருமானத்தோடு சேரும். வரியே இல்லாமல் வாங்கியிருக்கக்கூடிய வட்டிக்கு நீங்களே கணக்குக் காட்ட வேண்டிவரும். குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதுதான் உங்கள் எண்ணமென்றால் அதற்கு வழி உண்டு: என்ஆர்இ கணக்கில் மனைவியை 'முதலாமவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில் கூட்டாகச் சேர்க்கலாம். நீங்கள் இருக்கும்வரை கணக்கு உங்களுடையது, பிறகு அவருக்கு. வீட்டுச் செலவுக்கு எடுக்க அவருக்குத் தனியே அதிகாரக் கடிதமும் கொடுக்கலாம்.

33,000 வெள்ளியை ஒரே நாளில் மாற்ற வேண்டாம். விகிதம் தாவித் தாவி நகர்கிறது என்று மேலே சொன்னேன். மாதம் 6,000, 7,000 வெள்ளி என்று ஐந்து தவணையில் அனுப்புங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் விகிதத்தைப் பார்க்காமல், கட்டணம் போக ஊர்க் கணக்கில் எத்தனை ரூபாய் விழும் என்று இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிடுங்கள். வங்கி வழியில்லாமல் ஆள் மூலம் அனுப்பும் உண்டியலில் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். அது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம், அந்தப் பணம் என்ஆர்இ கணக்குக்குள் நுழையவே முடியாது. நாளை வீட்டுமனை வாங்கும்போது 'இந்த 10 லட்சம் எங்கிருந்து வந்தது?' என்று வரித் துறை கேட்டால் காட்டவும் காகிதம் இருக்காது.

70 ரூபாய் கணக்கில் 33,000 வெள்ளி 23.1 லட்சம். அதை ஒரே வைப்பாகப் போட்டுவிட்டு, அவசரத்துக்கு 2 லட்சம் தேவைப்படும்போது முழுவதையும் உடைப்பதுதான் பலரும் செய்வது. என்ஆர்இ வைப்பை ஓராண்டுக்குள் உடைத்தால் வட்டி ஒரு பைசாகூட வராது. அதற்குப் பிறகு உடைத்தால் வழக்கமாக ஒரு சதவீதம்போலக் குறைத்துத் தருவார்கள். ஆகவே துண்டு போடுங்கள். 5 லட்சம் ஓராண்டுக்கு, 5 லட்சம் இரண்டாண்டுக்கு, 5 லட்சம் மூன்றாண்டுக்கு, மீதி 8.1 லட்சம் பெரியவன் பன்னிரண்டாவது முடிக்கும் மே மாதத்தை ஒட்டி முதிர்வது போல. ஒவ்வொன்று முதிரும்போதும் தேவையில்லாவிட்டால் அன்றைய விகிதத்தில் நீட்டித்துக்கொள்ளலாம். வங்கி வைப்புக்கான காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு முதலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம்தான் என்பதால் இரண்டு மூன்று வங்கியில் பிரித்து வையுங்கள். அரை சதவீதம் கூடத் தருகிறது என்று சின்னஞ்சிறு வங்கியைத் தேடிப் போக வேண்டியதில்லை. தபால் அலுவலகச் சேமிப்புப் பத்திரங்களும் புதிய பிபிஎஃப் கணக்கும் வெளிநாட்டில் இருப்பவருக்குக் கிடையாது. முகவர் 'பரவாயில்லை, போடலாம்' என்றாலும் போடாதீர்கள், கண்டுபிடிக்கப்படும் நாளில் வட்டி போய்விடும்.

இனி அப்பாவின் நஞ்சை. அவரிடம் இதைப் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும். வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் விளைநிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வீடும் மனையும் வாங்கலாம். வாரிசாக விளைநிலம் வந்தால் வைத்துக்கொள்ளலாம். மீறினால் தொகையைப்போல் மூன்று மடங்குவரை அபராதம் உண்டு. பத்திரப் பதிவு அலுவலகத்தில் யாரும் பாஸைக் கேட்க மாட்டார்கள், பதிவு நடந்துவிடும். சிக்கல் வருவது விற்கும்போதோ பணத்தை வெளியே எடுக்கும்போதோதான்.

உடனே வரும் யோசனை 'சரி, அப்பா பேரில் வாங்கலாம்' என்பது. இதில் இரண்டு பள்ளம் இருக்கிறது. நீங்கள் பணம் கொடுத்து அவர் பெயரில் வாங்கி 'நிலம் என்னுடையது' என்று நினைத்துக்கொண்டிருந்தால் அது பினாமிப் பரிவர்த்தனை ஆகிவிடும். சட்டம் மனைவி, பிள்ளை பெயரில் வாங்க விலக்குத் தருகிறது. பெற்றோர் பெயரில் என்றால் வாங்குபவரும் பத்திரத்தில் கூட்டு உரிமையாளராக இருக்க வேண்டும். விளைநிலத்தில் நீங்கள் அப்படிச் சேர முடியாது. உண்மையாகவே அப்பாவுக்குத் தானமாகக் கொடுத்து அவர் வாங்கினால் தவறில்லை. ஆனால் அது அவர் நிலம். உயில் இல்லாமல் அவர் காலமானால் அம்மாவுக்கும் உங்கள் உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் உங்களுக்குச் சமமான பங்கு உண்டு, அக்கா தங்கைக்கும்தான். பதினோரு வருஷச் சம்பாத்தியத்தில் உங்கள் பங்குக்கு உரிமை கோரிக் குடும்பத்துக்குள்ளேயே வழக்கு நடத்துவதற்கு அதைவிட நேரான வழி இல்லை.

வருமானக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 30 லட்சம் வைப்பில் இருந்தால் 6.5 சதவீதத்தில் ஆண்டுக்கு 1.95 லட்சம். 6 மா என்பது இரண்டு ஏக்கர். அதைக் குத்தகைக்கு விட்டு யாராவது அந்தத் தொகை கொடுப்பார்களா என்று அப்பாவே ஊரில் விசாரித்துச் சொல்லட்டும். குத்தகைதாரருக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, வேண்டும்போது எழுப்பிவிட முடியாது. நிலவிலை ஏறும் என்பது உண்மைதான், ஆனால் வாங்கும்போதே முத்திரைத் தாளும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் கையைவிட்டுப் போய்விடும். நிலம் வேண்டுமென்ற ஆசை தீராவிட்டால் ஊருக்குத் திரும்பிய பிறகு உங்கள் பெயரிலேயே வாங்குங்கள், அப்போது எந்தத் தடையும் இல்லை.

உங்களுக்கு நிரந்தரவாசத் தகுதி கிடைத்துவிட்டால் மட்டும் இந்தத் திட்டத்தை மறுபடி போட வேண்டும். அப்போது சிபிஎஃப் என்ற கட்டாயச் சேமிப்பு நிதி தொடங்கிவிடும், பாஸ் பயம் போய்விடும், குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளக்கூடும். செலவிடும் இடம் மாறினால் பணம் நிற்க வேண்டிய இடமும் மாறும். அதுவரை சிங்கப்பூரில் வீடு வாங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரைத் தீர்வையே 60 சதவீதம்.

திரும்பும் ஆண்டுக்கு ஒரு குறிப்பு. நிரந்தரமாக ஊர் வந்து இறங்கிய நாளிலிருந்து என்ஆர்இ வைப்பின் வட்டிக்கு வரிவிலக்கு நின்றுவிடும். வங்கியில் சொல்லிக் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். சொல்லாமல் விட்டால் விலக்குத் தொடரும் என்று நினைப்பது தவறு, வரியும் அபராதமும் பின்னால் வரும். அதனால் கிளம்புவதற்கு ஓராண்டு இருக்கும்போதே, உடனே தேவைப்படாத பகுதியை எஃப்சிஎன்ஆர் வைப்பாக மாற்றுவதைப் பற்றி வங்கியில் கேளுங்கள். அது வெளிநாட்டு நாணயத்திலேயே இருக்கும் ஒன்று முதல் ஐந்து ஆண்டு வைப்பு. திரும்பிய பின்னும் முதிரும்வரை அதே விகிதத்தில் தொடரும். நீண்டகாலம் வெளியே இருந்தவருக்குத் திரும்பியதும் பெரும்பாலும் இரண்டு நிதியாண்டுகள் ஓர் இடைநிலைத் தகுதி கிடைக்கும், அந்தக் காலத்தில் இந்த வட்டிக்கும் வரி இல்லை. சிங்கப்பூர்ப் பத்திரத்தையும் சட்டப்படி தொடர்ந்து வைத்திருக்கலாம், ஆனால் அந்த இடைநிலைக் காலம் முடிந்தபின் வெளிநாட்டுச் சொத்தாக ரிட்டர்னில் காட்ட வேண்டும். 9,000 வெள்ளிக்காக ஆண்டுதோறும் அந்த வேலை தேவையா என்று பார்த்தால், கடைசிச் சம்பளமும் வரித் தீர்வும் வந்தபின், அங்குள்ள வங்கிக் கணக்கை மூடுவதற்கு முன்பாகவே பத்திரத்தைப் பணமாக்கிக்கொண்டு வருவதே உங்களுக்குச் சுலபம்.